உம்மா மாற்றிக்கொடுத்த ஜூன் மாதம்

மகனே,

நீ இன்னும் பிறக்கவில்லை. உன்னைப் பெறப்போகிற நான் பிளஸ் டூ படிக்கிறேன். அடுத்த வாரம் அரசுத் தேர்வு தொடங்குகிறது. கணிதப் புத்தகத்தை விரித்து வைத்து, அதன் மேல் இந்தத் தாள்களை வைத்து எழுதிக்கொண்டிருக்கிறேன். பக்கத்துப் பாயில் உம்மா தூங்குகிறாள். நான் கணக்குப் போடுகிறேன் என்று நினைத்துத்தான் விளக்கை அணைக்கச் சொல்லவில்லை. அவள் புரண்டு படுக்கும்போதெல்லாம் தாளைப் புத்தகத்துக்குள் தள்ளிவிடுகிறேன். அவசரத்தில் எழுத்து கோணலாக இருக்கும். பொறுத்துக்கொள்.

இதை யாருக்கு எழுதுவது என்று வெகுநேரம் யோசித்தேன். சவூதியில் இருக்கும் வாப்பாவுக்கு எழுதினால் அவர் அதை அப்படியே போனில் உம்மாவுக்குப் படித்துக்காட்டிவிடுவார். பள்ளித் தோழிக்கு எழுதினால் அம்பாசமுத்திரம் முழுக்கத் தெரிந்துவிடும். எனக்குப் பிறக்கப்போகிற மகளுக்கு எழுதலாம் என்றும் தோன்றியது. ஆனால் மகளுக்கு இதை யாரும் சொல்ல வேண்டியிருக்காது, அவளுக்குத் தானாகவே தெரிந்துவிடும். தெரியாமலேயே வளர்ந்து பெரியவனாகப் போகிறவன் நீதான். உனக்குப் பெண் பார்க்கும் பேச்சு தொடங்கும் நாளில் இதை உன் கையில் கொடுப்பேன். அதனால் வளர்ந்த மகனிடம் பேசுகிற உம்மாவாக என்னை நினைத்துக்கொண்டு படி. நானும் அப்படி நினைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். அப்படி நினைக்கும்போது கொஞ்சம் பயம் குறைகிறது.

எங்கள் காலனியில் பெண்களுக்கு ஒரு மன்றம் உண்டு. மாதத்தின் முதல் ஞாயிறு மாலை நான்கு மணிக்கு, ஒவ்வொரு மாதமும் ஒருவர் வீட்டில் கூடுவார்கள். பெயர்ப்பலகையெல்லாம் கிடையாது. ஆண்கள் கேலியாக 'கிளப்பு' என்பார்கள், பெண்களும் அப்படியே சொல்லிப் பழகிவிட்டார்கள். பன்னிரண்டு பேர். அவர்களில் நான்கு பேர் எங்களைப் போல முஸ்லிம் வீட்டுக்காரர்கள். மன்றத்தை நடத்துகிறவர் ராஜி டீச்சர். ஆற்றங்கரைத் தெருவில் இருந்து இங்கே வீடு கட்டி வந்தவர், பள்ளி வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். ஒவ்வொருவரும் மாதம் மூவாயிரம் ரூபாய் போட வேண்டும். சேர்கிற முப்பத்தாறாயிரமும் அந்த மாதக்காரிக்கு. யாருடைய மாதமோ அவர் வீட்டில்தான் கூட்டமும். பணம் வாங்குகிற மாதத்தில் விருந்தும் கொடுத்துவிட்டால் யாருக்கும் சுமையில்லை என்பது டீச்சரின் ஏற்பாடு. அதற்கும் மேலே ஆளுக்கு இருநூறு ரூபாய் தனியாக வசூலித்து விருந்துக்காரியிடம் கொடுத்துவிடுவார்கள். ஒரு இனிப்பு, ஒரு காரம், காப்பி அல்லது டீ, அவ்வளவுதான். அந்தப் பணத்துக்குள் முடிக்க வேண்டும், மிஞ்சினால் விளையாட்டுப் பரிசுக்கு. கையில் இருந்து ஒரு ரூபாய் கூடப் போடக் கூடாது. ஒரு வருடம் நகைக்கடைக்காரர் மனைவி ஒருவர் பிரியாணி போட்டதும், அடுத்த மாதம் தையல் வேலை செய்கிற கோமதி அக்கா கடன் வாங்கிப் புரோட்டா சால்னா போட்டதும் டீச்சரின் காதுக்குப் போன பிறகு வந்த விதி அது. நாலேகாலுக்கு மேல் வந்தால் இருபது ரூபாய் அபராதம். அந்த அபராதத்தில்தான் ஜனவரியில் எல்லோரும் வேன் பிடித்துப் பாபநாசம் போய்க் குளித்துவிட்டு வருவார்கள்.

இவ்வளவு விவரமாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இது ஏமாற்றுக் கூட்டம் என்று நீ நினைத்துவிடக் கூடாது. இதைவிட நியாயமான ஒரு கூட்டத்தை நான் பார்த்ததில்லை. ஏலச்சீட்டு என்றால் அவசரக்காரர் தொகையைத் தள்ளிக் கேட்பார், அந்தத் தள்ளு மற்றவர்களுக்கு லாபம். அது வட்டி மாதிரிதான் என்று எங்கள் நான்கு வீட்டாரும் சேரத் தயங்கினார்கள். 'அப்ப ஏலமே வேண்டாம்' என்று சொல்லிவிட்டார் டீச்சர். ஜனவரியில் பன்னிரண்டு துண்டுச்சீட்டுகளில் மாதங்களின் பெயரை எழுதிச் சுருட்டி ஒரு சொம்பில் போட்டுக் குலுக்குவார்கள். ஆளுக்கு ஒன்று எடுக்க வேண்டும். போட்டதைத்தான் எடுக்கலாம், ஒரு ரூபாய் கூடுதலும் இல்லை குறைவும் இல்லை. முதலில் பணம் வாங்கியவர் பிறகு கட்டாமல் போய்விட்டால்? அதற்கும் வழி உண்டு. இரண்டு இரண்டு பேராகத் துணை சேர்த்து வைத்திருப்பார்கள், ஒருத்தி தவறினால் அவளுடைய துணை கட்ட வேண்டும். என் உம்மாவுக்குத் துணை எதிர்வீட்டு மும்தாஜ் மாமி.

தம்போலா விளையாட்டிலும் அப்படித்தான். முதல் வருடம் டிக்கெட்டுக்குப் பத்து ரூபாய் வாங்கினார்கள். காசு வைத்து ஆடினால் அது சூது என்று எங்கள் நான்கு வீட்டுப் பெண்களும் டிக்கெட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சும்மா இருந்தார்களாம். அடுத்த மாதமே டிக்கெட் இலவசமானது. யாரும் கேட்கவில்லை, டீச்சரே கவனித்து மாற்றினார். எண் கூப்பிடுகிறவர் ஆடுகிறவராக இருக்கக் கூடாது என்றும் ஒரு விதி. அதனால் எட்டாம் வகுப்பில் இருந்து நான்தான் கூப்பிடுகிறேன். பைக்குள் கைவிட்டு ஒன்றிலிருந்து தொண்ணூறுக்குள் ஒரு வில்லையை எடுத்துச் சத்தமாகச் சொல்ல வேண்டும். டிக்கெட்டில் மூன்று வரிசை, வரிசைக்கு ஐந்து எண். முதலில் ஏதாவது ஐந்து எண்ணை அடிப்பவருக்கு ஒரு பரிசு, பிறகு மேல் வரி, நடு வரி, கீழ் வரி, கடைசியில் பதினைந்தையும் அடித்தால் புல் ஹவுஸ். வெறும் எண்ணாகச் சொன்னால் சுவை இல்லை. "ரெண்டு கம்பு, பதினொண்ணு", "ரெண்டு வாத்து, இருபத்திரெண்டு", "ஓட்டுப் போடுத வயசு, பதினெட்டு" என்று நான் ராகம் போட்டுச் சொல்வேன். "ஏட்டீ, நீ வக்கீலுக்குத்தான் படிக்கணும், என்ன தொண்ட!" என்று கோமதி அக்கா சொல்வாள்.

இந்த ஜனவரியில் உம்மா சொம்புக்குள் கைவிட்டு எடுத்த சீட்டில் ஜூன் என்று இருந்தது. நான் அங்கேயே குதித்துவிட்டேன். ஏன் என்றால், மகனே, வாப்பா எனக்கு ஒரே ஒரு நிபந்தனைதான் வைத்திருந்தார். "இங்க சம்பளமே முழுசா வரல. காலேஜு பீஸ நீங்களே பாத்துக்கிட்டா படிக்கட்டும், நான் வேண்டாம்னு சொல்லல." பாளையங்கோட்டையில் ஒரு பெண்கள் கல்லூரியில் பி.எஸ்சி. கணிதம், முதல் வருடப் பீஸும் விடுதி முன்பணமும் சேர்த்துப் பார்த்தால் முப்பத்தாறாயிரத்துக்குள் வந்துவிடும். பணம் கட்ட வேண்டிய மாதம் ஜூன். உம்மா வீட்டில் கைலி மூட்டித் தைத்தும் இடியாப்பம் அவித்து விற்றும் மாதம் மூவாயிரத்தைக் கட்டுவதே அதற்காகத்தான். "அல்லா மாசத்தையும் பாத்துத்தான் குடுத்திருக்கான்" என்று உம்மா அன்று என் தலையைத் தடவினாள். பக்கத்தில் மும்தாஜ் மாமிக்கு நவம்பர் வந்திருந்தது. "நவம்பர வச்சு நான் என்ன செய்ய, மழைக்குக் குடையா வாங்க?" என்று மாமி சிரித்தாள். நானும் சிரித்தேன்.

மாதத்தை மாற்றிக்கொள்ளலாம். அதற்கும் முறை இருக்கிறது. மாற்றுகிற இருவரும் கூட்டத்தில் எழுந்து நின்று சொல்ல வேண்டும். அடுத்த கூட்டம் முடியும்வரை இருவரில் யார் வேண்டுமானாலும் வேண்டாம் என்று சொல்லிவிடலாம். அதற்குப் பிறகு மாற்றம் உறுதி. இன்னொன்று: ஏன் மாற்றுகிறீர்கள் என்று யாரும் கேட்கக் கூடாது. இந்தக் கடைசி விதி கோமதி அக்காவால் வந்தது. இரண்டு வருடங்களுக்கு முன்னால் அவள் தன் மாதத்தை முன்னால் மாற்றித் தரும்படி கேட்டாள். ஏன், எதற்கு என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். வீட்டுக்காரர் அவளுக்குத் தெரியாமல் அவளுடைய தாலிச் சங்கிலியை அடகு வைத்ததை எல்லார் முன்னிலும் சொல்லிவிட்டு, அவள் முந்தானையால் முகத்தை மூடி அழுதாள். அன்று யாரும் மாற்றிக் கொடுக்கவில்லை. அடுத்த கூட்டத்தில் டீச்சர் சொன்னார்: "இனிமே யாரும் காரணம் கேக்கப்படாது. ஒரு பொம்மனாட்டி தன் கஷ்டத்த நாலு பேர் முன்னாடி அவுத்துக் காட்டித்தான் ஒத்தாசை வாங்கணும்னு இல்ல." எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். எவ்வளவு நல்ல சட்டம் என்று நினைத்தேன்.

பிப்ரவரிக் கூட்டம் டீச்சர் வீட்டில் நடந்தது. நான் தம்போலா வில்லைகளைப் பைக்குள் போட்டுக் கட்டிக்கொண்டிருந்தேன். உம்மாவும் மும்தாஜ் மாமியும் ஒன்றாக எழுந்து நின்றார்கள். "எனக்குள்ள ஜூன மும்தாசு எடுத்துக்கிடட்டும். அவ நவம்பர நான் எடுத்துக்கிடுதேன்" என்றாள் உம்மா. டீச்சர் இரண்டு பேரையும் பார்த்தார். "ரெண்டு பேருக்கும் சம்மதமா?" என்றார். சம்மதம் என்றார்கள். அவர் தலையசைத்து எழுதிக்கொண்டார். காரணம் யாரும் கேட்கவில்லை. எனக்கு மட்டும் கை பைக்குள்ளேயே நின்றுவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். உம்மா அரிசி மாவைச் சலித்துக்கொண்டே இருந்தாள். பிறகு பைய, சமாதானமாக, கணக்குப் பாடம் சொல்லிக்கொடுப்பது போலச் சொன்னாள். மும்தாஜ் மாமியின் மகன் அன்வருக்குக் கத்தாரில் வேலை கிடைத்திருக்கிறது. ஜூனில் ஏஜெண்டுக்குப் பணம் கட்ட வேண்டும். கட்டிவிட்டால் டிசம்பருக்குள் போய்விடுவான். "மாமி நகை கேக்கல, துட்டு கேக்கல, பைக்கு கேக்கல. பிள்ளையத்தான் கேக்குதா. இந்தக் காலத்துல எந்த வீட்டுல இப்படிக் கேப்பாவ? நோன்பு பெறக்கதுக்குள்ள பேச்ச முடிச்சிருவோம். ஒனக்குப் பதினெட்டு முடியட்டும், நவம்பர்ல வர்ற துட்ட வச்சு நிக்காஹ வச்சிருவோம். அவன் கத்தார் போயிருவான், நீ எதிர்வீட்டுலதான இருக்கப் போற."

"அப்ப என் காலேஜு?"

"நவம்பர்ல துட்டு வரும்லா, அடுத்த வருசம் பாப்போம்னு நானும் நெனச்சேன். ஆனா நவம்பர்லதான நிக்காஹு."

இதைச் சொல்லும்போது உம்மாவுக்குக் கோபமே இல்லை. அவளுக்கு அது ஒரு நல்ல மாற்று. ஐந்து மாதம் பொறுத்திருந்தால், நகை இல்லாமல் ஒரு மருமகன். நான் எத்தனை முறை போட்டுப் பார்த்தாலும் அந்தக் கணக்கு சரியாகத்தான் வருகிறது. ஜூன் மாதப் பணம் அன்வரின் விசாவுக்கு. நவம்பர் மாதப் பணம் அவன் நிக்காஹுக்கு. எங்களுக்கு வந்த ஜூனும், அதற்கு மாற்றாக வாங்கிய நவம்பரும் அவனுக்கே போகிறது. அதற்கு நடுவில் மாமி தவணை கட்ட முடியாமல் போனால், துணை என்கிற முறையில் அதையும் உம்மாதான் கட்ட வேண்டும். அதையும் சொன்னேன். "எதிர்வீட்டுக்காரிய நம்பாம யார நம்ப?" என்றாள்.

மகனே, அன்வரைப் பற்றி ஒரு வார்த்தை. அவன் கெட்டவன் இல்லை. பைக் பழுது பார்க்கும் கடையில் வேலை செய்கிறான். ஒருமுறை என் சைக்கிளுக்குக் காற்றடித்துவிட்டுக் காசு வாங்கவில்லை. அவன் என்னைக் கேட்டானா, அவன் உம்மா கேட்டாளா என்றுகூட எனக்குத் தெரியாது. அவனிடம் இப்படித்தான் சொல்லியிருப்பார்கள்: துட்டு ஏற்பாடாயிருச்சு. எப்படி ஏற்பாடானது என்று அவன் கேட்டிருக்க மாட்டான். ஆம்பளப் பிள்ளைகளுக்குத் துட்டு எப்படியோ ஏற்பாடாகிவிடும், அப்படித்தான் அவர்கள் வளர்கிறார்கள். நீ அப்படி வளரக் கூடாது என்பதற்காகத்தான் இந்தக் கடிதம்.

இந்த ஒரு மாதமும் உம்மாவிடம் மன்றாடிப் பார்த்தேன். சாப்பிடாமல் இருந்து பார்த்தேன். "பரீட்ச நேரத்துல இப்படிக் கெடந்தா மார்க்கு எப்படி வரும்?" என்று உம்மா எனக்கே புத்தி சொன்னாள். மார்க் எதற்கு என்று நான் கேட்டேன். ஒரு அடி விழுந்தது. உம்மா அதற்கு முன் என்னை அடித்ததில்லை. அடித்துவிட்டு அவளும் அழுதாள். வாப்பாவிடம் போனில் சொன்னபோது, "உம்மா நல்லதுதான் செய்வா" என்று சொல்லி வைத்துவிட்டார்.

இன்று மார்ச் மாதக் கூட்டம். கோமதி அக்காவின் மாதம், அவள் வீட்டில். சின்ன வீடு. தையல் மெஷினை வாசலுக்குத் தள்ளிவிட்டு முன்னறையில் ஜமுக்காளம் விரித்திருந்தாள். ரவா கேசரி, மிளகு வடை, டீ. பன்னிரண்டு பேரும் வந்துவிட்டார்கள். முதலில் வசூல். துணைகள் எதிரெதிராக உட்கார்ந்து ஒருவர் பணத்தை ஒருவர் எண்ணிச் சரிபார்த்து டீச்சரிடம் கொடுக்க, டீச்சர் மொத்தமாக எண்ணிக் கோமதி அக்காவிடம் கொடுத்தார். பிறகு ஒரு நிமிட விளையாட்டு. ஒற்றைக் கையால் யார் அதிகம் ஊக்குகளைக் கோத்துச் சங்கிலியாக்குகிறார் என்பது. கடைசியில் தம்போலா. மாத மாற்றங்களை உறுதிசெய்வது தம்போலா முடிந்த பிறகுதான். அதை முதலில் செய்தால் பாதிப் பேர் எழுந்து போய்விடுகிறார்கள் என்று அப்படி வைத்திருக்கிறார்கள். அதாவது, நான் பைக்குள் கைவிட்டபோது இன்னும் நேரம் இருந்தது. உம்மா ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

நான் எண்களைக் கூப்பிட்டேன். முதல் ஐந்து டீச்சருக்குப் போனது. மேல் வரி வேறொருவருக்கு. இடையில் பதினெட்டு வந்தது. நான் வழக்கமாகச் சொல்வதைச் சொல்ல வாயெடுப்பதற்குள் யாரோ பின்னால் இருந்து, "கல்யாண வயசு!" என்று கத்தினார்கள். எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். அப்போதுதான் எனக்குத் தெரிந்தது, இந்த அறையில் எல்லோருக்கும் தெரியும். காரணம் கேட்கக் கூடாது என்கிற விதியை யாரும் மீறவில்லை. ஆனால் காரணம் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. "என்ன மும்தாசு, மருமவளே நம்பர் கூப்பிட்டா பரிசு ஒனக்குத்தான?" என்று ஒருத்தி கேட்க, "பின்ன, ஊருக்கா குடுப்பா?" என்றாள் மும்தாஜ் மாமி.

மாமியின் டிக்கெட்டில் ஒரே ஒரு எண்தான் மிச்சம். "அறுபத்திமூணு, அறுபத்திமூணு, எங்கன கெடக்கு, எடு பிள்ள" என்று தொடையில் தட்டிக்கொண்டிருந்தாள். நான் பைக்குள் கைவிட்டு ஒரு வில்லையை எடுத்தேன். அறுபத்திமூன்று. அதை உள்ளங்கையில் மூடிக்கொண்டேன். என் வாயில் இருந்து எண் வரவில்லை. அறை முழுக்கப் பென்சிலோடு காத்திருந்தது. பிறகு என் குரல் எனக்கே அந்நியமாகக் கேட்டது.

"ஜூன் மாசம் எனக்குப் பீஸ் கட்டணும்."

மும்தாஜ் மாமிதான் முதலில் சிரித்தாள். "பிள்ளைக்குப் பரீட்ச பயம்" என்றாள். உம்மா டிக்கெட்டில் இருந்து தலையைத் தூக்கவில்லை.

டீச்சர் என்னை அருகில் கூப்பிட்டார். அவர் முகத்தில் கோபம் இல்லை. உண்மையாகவே வருத்தமாக இருந்தது. அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. "கண்ணா, நீ மெம்பர் இல்ல. மெம்பர் சொன்னா நான் கேக்கலாம். இன்னிக்கு உனக்காகக் காரணம் பேச விட்டா, நாளைக்கு இங்க ஒருத்திக்கும் மறைச்சு வெச்சுக்க எடம் இல்லாமப் போயிடும்." பிறகு உம்மாவின் பக்கம் திரும்பினார். "ஜமீலா, நீ சொல்லு. மாத்தம் இருக்கா, இல்லையா?"

உம்மா டிக்கெட்டின் ஓரத்தைச் சுருட்டிச் சுருட்டி விரித்தாள். நான் அவளையே பார்த்தேன். ஒரு முறை அவள் என்னைப் பார்த்திருந்தால் வேறு மாதிரி சொல்லியிருப்பாளோ என்று இப்போதும் நினைக்கிறேன். அவள் பார்க்கவில்லை.

"இருக்கு" என்றாள்.

"சரி" என்று சொல்லி, டீச்சர் என் தோளைத் தட்டினார். "நம்பரைச் சொல்லும்மா. எல்லாரும் காத்துண்டிருக்கா."

மகனே, அந்த இடத்தில் பையை வீசிவிட்டு ஓடியிருக்கலாம். வில்லையை மறுபடி பைக்குள் போட்டிருக்கலாம், யாருக்கும் தெரிந்திருக்காது. நான் அதைச் செய்யவில்லை. ஆடாதவர்தான் கூப்பிட வேண்டும், அப்போதுதான் நியாயம் என்று ஐந்து வருடமாகச் சொல்லிச் சொல்லி என்னைப் பழக்கியிருக்கிறார்கள். கையை விரித்து, "அறுபத்திமூணு" என்றேன். "புல் ஹவுஸ்!" என்று மும்தாஜ் மாமி எழுந்து நின்றாள். டிக்கெட்டை வாங்கிப் பதினைந்து எண்களையும் நானே சரிபார்த்தேன். எல்லாம் சரியாக இருந்தது. பரிசு மூன்று அடுக்கு எவர்சில்வர் தூக்குச்சட்டி. மாமி அதை வாங்கிய கையோடு என்னிடம் நீட்டினாள். "இது நம்ம வீட்டுக்கு வர்ற பிள்ளைக்கு. பேரு வெட்டி வச்சுக்கோ." அதற்கும் கை தட்டினார்கள்.

எல்லோரும் கிளம்பிய பிறகு டம்ளர்களை எடுத்துக் கொடுக்க அடுப்பங்கரைக்குப் போனேன். கோமதி அக்கா எனக்கு முதுகைக் காட்டியபடியே பேசினாள். "அந்தச் சட்டம் என்னாலதான வந்துச்சு. எனக்கு நல்லது செய்யுதோம்னு நெனச்சுப் போட்டாவ. ஏட்டீ, காரணம் கேட்டாவன்னு நான் அழல. காரணத்தக் கேட்டுட்டு எல்லாரும் காப்பியக் குடிச்சாவ பாரு, அதுக்குத்தான் அழுதேன். டீச்சருக்கு அது வேற மாதிரி வெளங்கிப் போச்சு." சொல்லிவிட்டு முந்தானையில் முடிந்திருந்த இன்றைய பணத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். "இத ஒனக்குக் குடுக்கலாம். ஆனா சங்கிலி இன்னும் பேங்குலதான் கெடக்கு." என் காரணத்தை அவள் காதுகொடுத்துக் கேட்டாள், அதற்குமேல் கொடுக்க அவளிடம் இல்லை. இன்று அந்த அறையில் அவள் ஒருத்தியாவது டீ குடிக்காமல் இருந்தாள் என்பதை இப்போதுதான் நினைத்துப் பார்க்கிறேன்.

நான் பரீட்சை எழுதுவேன். நன்றாகவே எழுதுவேன். அந்த மார்க்கை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று எனக்குத் தெரியாது. ஜூன் வருவதற்குள் வேறு ஏதாவது வழி கிடைக்குமா என்றும் தெரியாது. எனக்குப் பயமாக இருக்கிறது. உம்மா கெட்டவள் இல்லை, மாமி கெட்டவள் இல்லை, டீச்சர் மிக நல்லவர். யாரைப் பார்த்துக் கோபப்படுவது என்று தெரியாததுதான் பெரிய பயம். எல்லா விதியும் சரியாக நடந்தது, ஒரு ரூபாய் கூட எங்கும் குறையவில்லை.

நீ வளர்ந்து இதைப் படிக்கும்போது உன் வாப்பாவின் பெயர் அன்வராக இருந்தால் அவரிடம் சண்டை போடாதே. அவரிடமும் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். வேறு பெயராக இருந்தால், எப்படியோ தப்பித்தேன் என்று வைத்துக்கொள், எப்படி என்று என்னிடம் கேள், சொல்கிறேன். ஆனால் எந்தப் பெயராக இருந்தாலும் நீ ஒன்று செய்ய வேண்டும். உனக்கு எங்காவது வேலை கிடைக்கும். விசாவோ, கடையோ, பைக்கோ, கல்யாணமோ, ஏதோ ஒன்றுக்குப் பணம் வேண்டியிருக்கும். ஒரு நாள் உன் வீட்டுப் பெண்கள் சிரித்த முகத்தோடு வந்து துட்டு ஏற்பாடாகிவிட்டது என்பார்கள். அது நானாகவும் இருக்கலாம், அப்போது நானும் என் உம்மாவைப் போல ஆகியிருக்கலாம். அன்றைக்கு அந்தப் பணத்தைத் தொடாதே. காரணம் கேட்கக் கூடாது என்று யார் சொன்னாலும் அதைக் காதில் வாங்காதே. அது யாருடைய மாதம் என்று கேள். அவளைக் கூப்பிடச் சொல். அவள் வந்து உன் முகத்தைப் பார்த்துச் சொல்லும்வரை காத்திரு. நடுவில் யாராவது டீ கொடுத்தால் குடிக்காதே.

உம்மா புரண்டு படுக்கிறாள். விளக்கை அணைக்கப் போகிறேன். தூக்குச்சட்டி என் புத்தகப் பைக்குப் பக்கத்தில் இருக்கிறது. அதில் இன்னும் பெயர் வெட்டவில்லை.

உன் உம்மா